ஆறு பேருக்கு ஒரே நோய், ஒரே நோயாளியின் துண்டு

உடுப்பிட்டியில் கிணறும் நாலு பரப்பு வெங்காயத் தோட்டமும் உள்ள ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ள, மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு வருடங்களுக்கு முன் வந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வந்தவர்கள் நமது சங்கத்தின் பழைய அங்கத்தவர்கள், சந்தா அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள். கணவன், மனைவி, கணவனின் தாய், மூன்று பிள்ளைகள் என ஆறு பேர். போன வருடம் ஏழு மாதங்களுக்குள் அந்த ஆறு பேரில் நால்வருக்குப் பதினொரு கட்டிகள் வந்தன. அந்தப் பதினொன்றும் எப்படி நின்றன என்பதை நாம் கூட இருந்து பார்த்தோம். இது உடுப்பிட்டிக்கு மட்டும் உரிய கதையல்ல. லயத்து அறைகளில் இதே கதை வருடக்கணக்கில் நடக்கிறது, அங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

முதலில் இரண்டாவது மகனுக்குத் தொடையில் வந்தது. மாம்பழக் காலம் என்பதால் சூட்டுக்கட்டி என்றார்கள். பழத்தை நிறுத்தினார்கள், நல்லெண்ணெய் தேய்த்து முழுக வைத்தார்கள். கட்டி தானாகப் பழுத்து உடைந்தது. மூன்று வாரம் கழித்துத் தாயின் கக்கத்தில் ஒன்று எழுந்தது. அது ஆறும் முன்னரே கடைக்குட்டியின் பிட்டத்தில் இரண்டு வந்தன. பிறகு மூத்தவரின் பிடரியில் ஒன்று, மறுபடி மகனின் முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஒவ்வொரு முறையும் கட்டி வந்தவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார், அவர் பெயரில் ஒரு துண்டு எழுதப்பட்டது, ஐந்து நாளோ ஏழு நாளோ குளிசை கிடைத்தது. கட்டி ஆறியது. அடுத்த மாதம் அடுத்தவருக்கு வந்தது. குளிசையில் குறையில்லை. ஆறு பேர் கொண்ட வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கிருமியை, ஒவ்வொரு தடவையும் ஒருவரின் உடம்பிலிருந்து மட்டும் துரத்தியதில்தான் குறை இருந்தது.

சூடு, மாம்பழம், கோழி இறைச்சி என்று நம் மக்கள் சொல்வதை நாம் கேலி செய்யப் போவதில்லை. வெக்கையில் வேர்வை தேங்கி, உடை உரசி, தோல் புண்படும்போது கட்டி கூடுவது உண்மைதான். ஆனால் வேர்வை வாசலைத் திறந்துவிடுகிறது, உள்ளே போவது ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பாக்டீரியா. ஸ்கொட்லாந்தின் அபர்தீன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் 1880 இல் சீழ்க்கட்டிகளின் சீழை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து, திராட்சைக் குலை போலக் கொத்தாக நின்ற உருண்டைகளைக் கண்டார். அந்தக் குலையின் கிரேக்கச் சொல்லைத்தான் 1882 இல் பெயராக வைத்தார்.

இந்தக் கிருமியின் நிரந்தர வீடு கட்டி அல்ல, மூக்கு. மூக்குத் துவாரத்தின் முன்பக்கத்தில், முடி முளைத்திருக்கும் அந்தச் சிறு இடத்தில் அது எந்தத் தொல்லையும் கொடுக்காமல் குடியிருக்கும். சுகமாக உள்ள மனிதரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் அது இருக்கிறது. கக்கம், தொடையிடுக்கு, பிட்டப் பிளவு ஆகியவையும் அதற்குப் பிடித்த இடங்கள். மூக்கைத் தொட்ட விரல் தோலைச் சொறிகிறது. சொறிந்த இடத்தில் அட்டைக் கடியோ, கொசுக் கடியோ, சவர வெட்டோ இருந்தால் கிருமி உள்ளே போகிறது. சொறிந்த கை துவாயைத் தொடுகிறது, அந்தத் துவாயால் அடுத்தவர் துடைக்கிறார். துணியில் இந்தக் கிருமி நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்குக் கட்டி வந்து ஆறியது என்றால் கிருமி வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமல்ல. அது பாட்டியின் மூக்கிலோ தகப்பனின் துவாயிலோ காத்திருக்கலாம்.

எட்டாவது கட்டியோடு தாய் போனபோது, அன்று கடமையில் இருந்த வைத்தியர் வெறும் குளிசை எழுதாமல் கட்டியைக் கீறி, சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நம் பார்வையில் இந்தக் கதையின் திருப்பம் அதுதான். பழுத்த கட்டிக்கு முதல் மருந்து கீறி வடிப்பது. உள்ளே சீழ் அடைபட்டிருக்கும்போது குளிசை மட்டும் போய்ச் சேராது. பிதுக்குவது வேறு, கீறுவது வேறு. வீட்டில் நகத்தால் பிதுக்கினால் சீழின் ஒரு பகுதி வெளியே வரும், மறுபகுதி ஆழமாகத் தள்ளப்படும். மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் வந்த கட்டியைத் தொடவே கூடாது. அங்கிருந்து இரத்தம் மூளைப் பக்கம் போகும் பாதை இருக்கிறது.

பரிசோதனை முடிவு சில நாளில் வந்தது. வழக்கமாகக் கொடுக்கப்படும் குளொக்சசிலினுக்கு அடங்காத வகை அது, வைத்தியர்கள் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்வது. தாய் அதைக் கேட்டு அழுதுவிட்டார், புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டார். அது அப்படியல்ல. அதைக் கொல்லும் வேறு மருந்துகள் உண்டு, எந்த மருந்து என்பதை அந்தப் பரிசோதனைத் தாளே சொல்லும். அந்தத் தாள் இல்லாமல் குளிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பது இருட்டில் கல்லெறிவதுதான். அதனால் திரும்பத் திரும்பக் கட்டி வரும் எந்த அங்கத்தவரும் சீழை ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். இந்த வீட்டுப் பாட்டிக்குச் சீனி வியாதி இருந்தது அப்போதுதான் தெரிந்தது, அவருக்கோ ஒரு கட்டியும் வந்திருக்கவில்லை.

அந்த வைத்தியர் இன்னொன்றையும் செய்தார். பிள்ளைகளின் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் பார்த்தார். கடைக்குட்டிக்குச் சொறி சிரங்கு இருந்தது. இரவில் சொறிந்து சொறிந்து தோல் முழுக்க வாசல் திறந்து கிடந்தது. சிரங்குக்கு வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து பூசி முடித்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்கள். சிரங்கை விட்டுவிட்டு மூக்குக்கு மருந்து வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பும் வேலை. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம், லயங்களில் சிரங்கும் கட்டியும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன, மருந்தோ தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது.

அடுத்த வேலை என்பது கிருமியை வீட்டிலிருந்தே அகற்றும் ஐந்து நாள் சிகிச்சை. இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று மூக்குக்குள் வைக்கும் முப்பிரோசின் களிம்பு, 2 வீதம். மற்றது உடம்பைக் கழுவும் குளோர்ஹெக்சிடின் திரவம், 4 வீதம். சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர்கள் கை கழுவும் அதே இளஞ்சிவப்புத் திரவம்தான்.

முப்பிரோசினைத் தீக்குச்சித் தலையளவு எடுத்து, சுத்தமான சுண்டுவிரலாலோ பஞ்சுக்குச்சியாலோ ஒவ்வொரு துவாரத்தின் முன்பகுதியில் உள்ளே பூச வேண்டும். பிறகு மூக்கின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரு நிமிடம் பிசைய வேண்டும், அப்போதுதான் மருந்து பரவும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஐந்து நாள். தொண்டையில் ஒரு சுவை தெரிந்தால் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். மூக்குக்கென்று தயாரித்த களிம்பும் தோலுக்கென்று தயாரித்த களிம்பும் ஒன்றல்ல, தோல் களிம்பின் அடிப்பொருள் மூக்கை எரிக்கலாம். பாமசியில் வாங்குவதென்றால் மூக்குக்கு உரியது என்று சொல்லிக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு குழாய் வேண்டும். ஒரு குழாயை ஆறு மூக்குக்கு மாற்றி மாற்றி வைத்தால், எதை ஒழிக்கப் போகிறோமோ அதையே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு கொடுக்கிறோம்.

குளோர்ஹெக்சிடினில்தான் அதிகம் பிழை நடக்கிறது. நம்மவர்கள் அதை வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றிக் குளிப்பார்கள், டெட்டோல் பழக்கம். அப்படிச் செய்தால் பலன் இல்லை. முதலில் உடம்பை நனைக்க வேண்டும். வழக்கமான சவர்க்காரம் போடுவதென்றால் போட்டு, அதை முற்றாகக் கழுவிவிட வேண்டும், ஏனென்றால் சவர்க்காரம் மிச்சமிருந்தால் குளோர்ஹெக்சிடின் வேலை செய்யாது. பிறகு தண்ணீர் ஊற்றாமல், திரவத்தை அப்படியே கையிலோ சுத்தமான துணித்துண்டிலோ எடுத்து, கழுத்துக்குக் கீழே எல்லா இடத்திலும் தேய்க்க வேண்டும். கக்கம், தொப்புள், தொடையிடுக்கு, பிட்டப் பிளவு, கால் விரலிடுக்கு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. இரண்டு நிமிடம் உடம்பில் நிற்க விட்டு, பிறகு கழுவ வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு குளிப்புக்கு ஏறத்தாழ 25 மில்லிலீட்டர் வேண்டும். ஆறு பேர், ஐந்து நாள் என்றால் 750 மில்லிலீட்டர். ஒரு சின்னப் போத்தலை வாங்கி ஆறு பேரும் முடித்துவிட்டோம் என்று சொன்னால் அது நடக்கவில்லை என்று கணக்கே சொல்லிவிடும்.

ஐந்து நாளில் ஒன்றிரண்டு தடவை தலைக்கும் இதையே போட்டுக் கழுவலாம், ஆனால் கண்ணிலும் காதிலும் படவே கூடாது. கண்ணில் பட்டால் விழி புண்படும், சவ்வு கிழிந்த காதுக்குள் போனால் கேட்கும் திறன் கெடலாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி உடனே வைத்தியரிடம் போக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் போடக் கூடாது. யாருக்காவது உடம்பு தடித்து, மூச்சு இளைத்தால் அது ஒவ்வாமை, அபூர்வம்தான் என்றாலும் உயிராபத்தானது. இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பல வீடுகளில் சண்டையை மூட்டியது. இந்தத் திரவம் பட்ட துணியைக் குளோரின் கலந்த வெளுப்பு நீரில் ஊறப்போட்டால் கபில நிறக் கறை விழும், அது போகாது. இந்த வீட்டில் மூன்று வெள்ளைத் துவாய்கள் அப்படிப் போயின. வீட்டுக்காரரின் துவாய்கள் அவை.

மருந்தை விடக் கடினமானது துணி. ஐந்து நாளும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் துவைத்துக் காய்ந்த துவாய், துவைத்த உடுப்பு. படுக்கைவிரிப்பும் தலையணை உறையும் முதல் நாளும் கடைசி நாளும் கட்டாயம், முடிந்தால் தினமும். புத்தகத்தில் இதை ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆறு பேருக்கு மொத்தம் மூன்று துவாய் உள்ள வீட்டில் இது எப்படி நடக்கும்? இந்த வீட்டுத் தாய் ஒரு வழி செய்தார். இரண்டு பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துப் பன்னிரண்டு துண்டாக்கினார், ஆளுக்கு இரண்டு. ஒன்றை இன்றைக்குத் துடைத்தால் மற்றது வெயிலில் காயும். ஒவ்வொருவரின் துண்டிலும் வேறு வேறு நிற நூலால் முடிச்சுப் போட்டார். பாத்திரத்தில் கொதிக்க வைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் துவைத்தார். உடுப்பிட்டி வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் மொறுமொறுப்பாகக் காய்ந்தது. பாய்களை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டார்.

இதே வேலையை ஜூலை மாதத்தில் ஒரு மலைத் தோட்டத்தில் செய்து பார்த்தால் தெரியும். மழையும் பனியும் விடாத நாட்களில் துணி மூன்று நாளாகியும் ஈரமாகவே அடுப்பங்கரைக் கயிற்றில் தொங்கும். ஈரத் துணி அடுத்தவருக்குப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நாள் சிகிச்சையை மழை ஓய்ந்த மாதத்தில் வைத்துக்கொள்வதே புத்தி, அல்லது அடுப்பின் மேலோ இஸ்திரிப் பெட்டியாலோ துணியைக் காய வைக்க வேண்டும். கொழுந்துக்குப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, கூடைக் கயிற்றின் கீழே தலையில் போடும் துணி, இவற்றையும் நாம் சேர்த்துச் சொல்கிறோம். வைத்தியத் துண்டுப்பிரசுரங்களில் படங்கு என்ற சொல்லே இருக்காது. ஆனால் அது நாள் முழுக்கத் தொடையில் ஈரத்தோடு உரசுகிறது, அவசரத்தில் ஒருத்தியின் படங்கை இன்னொருத்தி கட்டிக்கொள்கிறாள்.

அந்த வீட்டின் முதல் முயற்சி தோற்றது. சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. காரணம் இரண்டு. ஒன்று, தகப்பனின் பிடரிக் கட்டி இன்னும் வடிந்துகொண்டிருந்தபோதே தொடங்கிவிட்டார்கள். வடியும் சீழில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது, மூக்கில் அழித்ததை அது அன்றே திருப்பிக் கொடுத்துவிடும். கட்டிகள் எல்லாம் காய்ந்த பிறகுதான் ஐந்து நாளைத் தொடங்க வேண்டும். இரண்டாவது காரணம் பாட்டி. அவர் மருந்து வைத்துக்கொள்ள மறுத்தார்.

"எனக்கு என்னாத்துக்குங்க இந்த மருந்து? எனக்கு ஒரு கட்டி வந்துச்சா? வந்தவங்களுக்கு வைங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த குடும்ப சுகாதார உத்தியோகத்தர், வடமராட்சிப் பெண், பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அம்மா, உங்களுக்குக் கட்டு வராதபடியாத்தான் ஆரும் உங்களைப் பாக்கேல்லை. அது உங்கட மூக்குக்குள்ளேயும் இருக்கலாம். பேரப்பிள்ளை உங்களோடதானே படுக்குது?"

கடைக்குட்டி பாட்டியின் சேலைத் தலைப்பில்தான் தூங்கும். பாட்டி அதற்குப் பிறகு மறுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, எல்லாக் கட்டியும் காய்ந்த நிலையில், ஆறு பேரும் ஒரே திங்கட்கிழமை தொடங்கி ஒரே வெள்ளிக்கிழமை முடித்தார்கள்.

கட்டி வராதவருக்கும் ஏன் மருந்து என்பது பாட்டியின் கேள்வி மட்டுமல்ல, மருந்துக்குக் காசு கொடுப்பவர்களின் கேள்வியும் அதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஸ்டெபனி ஃபிரிட்ஸ் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இதையே சோதித்து 2012 இல் வெளியிட்டார்கள். கட்டி வந்த 183 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் பிள்ளைக்கு மட்டும், மறு பகுதியில் வீட்டார் அனைவருக்கும், இதே முப்பிரோசினும் குளோர்ஹெக்சிடினும் ஐந்து நாள் கொடுத்தார்கள். ஒரு வருடம் முடிந்தபோது, தனியாக மருந்து பெற்ற பிள்ளைகளில் 72 வீதத்தினருக்கு மீண்டும் தோல் தொற்று வந்திருந்தது. வீட்டோடு மருந்து பெற்றவர்களில் அது 52 வீதம்.

இந்த இரண்டு எண்களையும் நேர்மையாகப் படிக்க வேண்டும். வீட்டோடு செய்தது தெளிவாக நல்லது. ஆனால் வீட்டோடு செய்தும் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்திருக்கிறது. ஐந்து நாள் மருந்து கிருமியை என்றென்றைக்கும் விரட்டிவிடாது, சில மாதங்களில் பலரின் மூக்குக்கு அது திரும்பி வரும். இந்த இடைவெளியில் தோல் ஆறி, சிரங்கு போய், துவாய் தனித்தனியாகிவிட்டால் திரும்பி வந்த கிருமிக்கு வாசல் கிடைக்காது. மருந்து வாங்கித் தருவது அந்த அவகாசத்தை மட்டும்தான். உறுதியாகக் குணமாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில் சங்கத்துக்குள்ளேயே நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சில தோழர்கள், ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் முப்பிரோசின் குழாய்களைக் குவித்து வைத்து, கேட்டவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. வெட்டுக்காயத்துக்கும் கொசுக்கடிக்கும் முப்பிரோசின் பூசிப் பழகினால் கிருமி அதற்கும் அடங்காததாகிவிடும். அப்படிப்பட்ட கிருமிகள் உலகின் பல ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. மூக்கில் வைக்க நம்மிடம் உள்ள மிக நல்ல மருந்தை நாமே மழுக்கிவிடக் கூடாது. ஒரு கட்டி வந்தவுடன் ஓடிப் போய்க் கேட்கும் மருந்தும் அல்ல இது. கட்டி கீறப்பட்டு, சுத்தமும் தனித் துவாயும் கடைப்பிடித்த பிறகும் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும், ஒரே வீட்டில் ஒருவர் மாறி ஒருவருக்கு வரும் குடும்பங்களுக்கும் உரியது. இன்னொரு எச்சரிக்கை: கடைகளில் விற்கும், ஸ்டெரொய்ட் கலந்த தோல் களிம்புகளை இதற்குப் பதிலாகப் பூச வேண்டாம். சிவப்பும் அரிப்பும் இரண்டு நாள் குறையும், அடியில் தொற்று பரவும்.

நமது கோரிக்கை வேறு. வீடு முழுவதையும் ஒரு நோயாளியாக எழுதுங்கள் என்பதுதான் அது. இன்று நடப்பது என்ன? ஆறு பேருக்கு மருந்து வேண்டுமென்றால் ஆறு பேரும் வரிசையில் நிற்க வேண்டும். கட்டி இல்லாதவர் போனால், உனக்கு என்ன நோய் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். தோட்டத்தில் அது ஒரு பேர் இழப்பு. கணவனுக்கு ஒரு பேர், மனைவிக்கு ஒரு பேர், மருந்து கிடைக்காத வயதான தாய்க்கு மறுநாள் மீண்டும் கூட்டிப்போக இன்னொரு அரைப்பேர். சம்பளத்தை இழந்து கிடைக்காத மருந்துக்காக நிற்பதை விட, கட்டி வந்தவர் மட்டும் குளிசை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவதையே எந்தத் தொழிலாளியும் தேர்ந்தெடுப்பார். அவருடைய அறியாமையை நாம் குறை சொல்ல முடியாது, கணக்கை அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

ஆகவே டிஸ்பென்சரி நிர்வாகத்தின் கையில் இருந்தாலும் அரசின் கையில் இருந்தாலும், வைத்தியர் ஒரு தடவை பார்த்து முடிவு செய்த பின், வீட்டார் அனைவரின் பெயரும் ஒரே துண்டில் எழுதப்பட வேண்டும். ஆளுக்கொரு குழாயும் தேவையான அளவு திரவமும் ஒரே தடவையில், ஒருவரின் கையில் கொடுக்கப்பட வேண்டும். ஐந்து நாளைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் லயத்துக்கே வர வேண்டும். உடுப்பிட்டியில் பாட்டியின் மனதை மாற்றியது மருந்துச் சீட்டு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஒரு பெண்.

வேலை பற்றியும் ஒன்று. கட்டி உள்ளவரை வேலைக்கு வராதே என்று கங்காணி விரட்டுவதும் சரியல்ல, சீழ் வடியும் கையோடு பிள்ளைக்காம்பராவில் குழந்தைக்குச் சோறூட்ட வைப்பதும் சரியல்ல. காய்ந்த, சுத்தமான துணியால் முழுமையாக மூடிக் கட்டக்கூடிய கட்டி உள்ளவர் கொழுந்து பறிக்கலாம். கட்டு நனைந்து சீழ் வெளியே வந்தால் அன்று அவருக்கு ஓய்வு வேண்டும், குழந்தைகளோடும் உணவோடும் வேலை செய்பவர் என்றால் கட்டாயம் வேண்டும். அந்த ஓய்வுக்குச் சம்பளம் யார் தருவது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கச் சங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

காய்ச்சல், நடுக்கம், கட்டியைச் சுற்றிச் சிவப்பு மணிக்கு மணி விரிவது, முகத்தில் கட்டி, சீனி வியாதிக்காரருக்கோ கைக்குழந்தைக்கோ கட்டி, காய்ச்சலோடு முதுகு வலி, இவற்றில் எது இருந்தாலும் ஐந்து நாள் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கக்கத்திலும் தொடையிடுக்கிலும் மட்டும் வருடக்கணக்கில் வந்து, தோலுக்கடியில் குழாய் போல வழி விட்டுத் தழும்பாகும் கட்டிகள் வேறு நோயாக இருக்கலாம். அதற்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது, தோல் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் ஐந்து நாள் முடிந்து இப்போது ஒன்பது மாதம். சித்திரை விடுமுறைக்கு மலையகத்திலிருந்து உறவினர்கள் வந்து பத்து நாள் தங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகு இரண்டாவது மகனுக்குக் கணுக்காலில் சின்னதாக ஒன்று வந்தது. பன்னிரண்டாவது. தாய் அதைப் பிதுக்கவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நாளில் மூன்று தடவை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, அந்தத் துணியைக் கொதிநீரில் போட்டு, வடிந்ததும் மூடிக் கட்டினார். வேறு யாருக்கும் வரவில்லை. பாட்டியின் சீனி கிளினிக்கில் பார்க்கப்படுகிறது. விருந்தினருக்கென்று நூல் முடிச்சு இல்லாத ஆறு துண்டுகளைத் தாய் இப்போது தனியாகக் கிழித்து வைத்திருக்கிறார்.